வருஷா வருஷம் போனஸை லோனில் போட்டால் எத்தனை வருஷம் குறையும்?

"அண்ணா, பிறையில் வீடு வாங்கிப் புதிதாக லோன் ஆரம்பித்திருக்கிறது. 400,000 வெள்ளி, 30 வருஷம், வட்டி 4.2%, மாதத் தவணை 1,956. வருஷக் கடைசியில் போனஸிலிருந்து 6,000 வெள்ளி லோனில் போடலாம் என்று பார்க்கிறேன். எத்தனை வருஷம் குறையும்? இதை நானே எப்படிக் கணக்குப் போடுவது? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்."

தம்பி, 9 வருஷம் 8 மாதம் குறையும். 20 வருஷம் 4 மாதத்தில் லோன் முடிந்துவிடும், வட்டியில் சுமார் 107,000 வெள்ளி மிச்சமாகும். ஆனால் இது தானாக நடக்காது, அந்த 6,000 வெள்ளியை பேங்க் எந்தக் கணக்கில் வரவு வைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் முதல் மாதத் தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 400,000க்கு 4.2% என்றால் ஒரு மாத வட்டி 1,400 வெள்ளி. நீங்கள் கட்டுகிற 1,956இல் அது போக அசலில் கழிவது 556 வெள்ளிதான். முதல் வருஷம் முழுக்க 23,473 வெள்ளி கட்டினாலும் அசல் 6,800 அளவுக்குத்தான் இறங்கியிருக்கும், பாக்கி 393,197 என்று நிற்கும். இப்போது டிசம்பரில் 6,000 வெள்ளியை நேராக அசலில் போடுகிறீர்கள் என்றால், ஒரு வருஷம் முழுக்கத் தவணை கட்டி எவ்வளவு அசலைக் கழித்தீர்களோ கிட்டத்தட்ட அதே அளவை ஒரே நாளில் கழித்துவிடுகிறீர்கள். ஆரம்ப வருஷங்களில் கூடுதல் பணத்துக்கு இவ்வளவு பலம் இருப்பது இதனால்தான்.

இதையே வருஷத்துக்கு ஒரு படியாக வைத்தால் கைப்பேசி கால்குலேட்டரே போதும். மாதம் 0.35% வட்டி பன்னிரண்டு முறை ஏறினால் ஒரு வெள்ளி 1.042818 வெள்ளியாகிறது. நீங்கள் கட்டும் பன்னிரண்டு தவணைகளும் மாதாமாதம் முன்கூட்டியே போய்ச் சேருவதால் வருஷக் கடைசியில் அவற்றின் மதிப்பு 23,930 வெள்ளி, அதோடு போனஸ் 6,000 சேர்த்தால் 29,930. ஆக ஒவ்வொரு வருஷமும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போன வருஷப் பாக்கியை 1.042818ஆல் பெருக்கி 29,930ஐக் கழியுங்கள். முதல் வருஷக் கடைசியில் 387,197 வரும், இரண்டாவது வருஷம் 373,846, மூன்றாவது வருஷம் 359,923. பத்தாவது வருஷம் பாக்கி சுமார் 244,000. போனஸே போடாமல் தவணை மட்டும் கட்டியிருந்தால் அன்றைக்கு 317,000 நின்றிருக்கும். நீங்கள் கூடுதலாகப் போட்டது 60,000, பாக்கியில் இருக்கும் வித்தியாசமோ 73,000. அந்தக் கூடுதல் 13,000தான் நீங்கள் கட்டாமல் தப்பித்த வட்டி.

எக்செலில் போடுகிறவர்களுக்கு ஒரே வரி:

```
=NPER((1+4.2%/12)^12-1, -(FV(4.2%/12,12,-1956.07)+6000), 400000)
```

விடை 20.25 என்று வரும். அதை 20 வருஷம் 3 மாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு எண் சரி, தசமப் பகுதி சரியில்லை. கடைசி வருஷத்தில் இன்னொரு டிசம்பர் வருவதற்கு முன்பே லோன் முடிந்துவிடுகிறது, ஆனால் ஃபார்முலா அந்த வருஷ போனஸிலும் ஒரு பங்கை உள்ளே சேர்த்துவிடும். சரியான வழி, 20 வருஷம் முடிந்ததும் நிற்கும் பாக்கியைப் பார்ப்பது. உங்களுக்கு அது சுமார் 7,400 வெள்ளி, மூன்று முழுத் தவணை, நான்காவது கொஞ்சம் குறைந்த தவணை. ஆகவே 20 வருஷம் 4 மாதம்.

சிலர் 6,000ஐ 12ஆல் வகுத்து, மாதம் 500 கூடுதலாகக் கட்டுவது போலக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் போட்டால் 242 மாதம் வரும், நம் கணக்கில் 244. இரண்டே மாத வித்தியாசம் என்பதால் அவசரத்துக்கு அந்தக் குறுக்குவழி போதும். அதே காரணத்தால், போனஸ் டிசம்பரில் வராமல் பிப்ரவரியில் வருகிறதே என்றும் கவலைப்பட வேண்டாம். 6,000 வெள்ளி ஒரு மாதம் தள்ளிப்போனால் நட்டம் 21 வெள்ளிதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் எல்லா வருஷமும் 6,000 கையில் நிற்காது. வருஷம் 3,000 வெள்ளி மட்டும் போட்டால் 24 வருஷம் 2 மாதத்தில் முடியும், அதாவது 5 வருஷம் 10 மாதம் குறையும். 6,000 போட்டால் குறைவது 9 வருஷம் 8 மாதம். 12,000 போட்டால் 14 வருஷத்துக்குச் சற்று மேல். பணத்தை இரட்டிப்பாக்கினால் குறைகிற வருஷமும் இரட்டிப்பாவதில்லை, முதல் 3,000க்குத்தான் வேகம் அதிகம். அதனால் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, தீபாவளிச் செலவு என்று பாதி கரைந்துபோன வருஷத்தில், இந்தக் கொஞ்சப் பணத்தைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். எந்த வருஷம் போடுகிறோம் என்பதும் முக்கியம். முதல் வருஷக் கடைசியில் போடும் ஒரு 6,000 மட்டுமே லோனின் வால் பகுதியில் பத்து மாதத்தை வெட்டிவிடும், அதையே 15ஆவது வருஷத்தில் போட்டால் ஆறு மாதம்கூட வெட்டாது.

சரி, இப்போது பேங்க் பக்கம் வருவோம். நான் அடிபட்டது இங்கேதான்.

பட்டர்வொர்த்தில் என் வீட்டு லோன் ஓடிக்கொண்டிருந்தபோது முதல் இரண்டு வருஷ போனஸிலிருந்து தலா 5,000 வெள்ளியை பேங்க் செயலி வழியாக லோன் கணக்குக்கு அனுப்பினேன். கணக்கில் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மூன்று மாதம் என் சம்பளக் கணக்கிலிருந்து தவணை பிடிக்கவே இல்லை. நானும் கவனிக்கவில்லை, கையில் நின்ற பணம் வீட்டுச் செலவோடு செலவாகப் போனது. இரண்டாவது வருஷமும் அதே கதை. மூன்றாவது வருஷம் ஸ்டேட்மென்டை எடுத்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பணத்தை பேங்க் அசலில் கழிக்காமல் அட்வான்ஸ் பேமென்டாக, அதாவது வரப்போகும் மாதத் தவணைகளுக்கான முன்பணமாக வைத்திருக்கிறது. என் தவணை 1,600 சொச்சம், ஆகவே 5,000 வெள்ளி மூன்று மாதத் தவணையாகக் கரைந்துவிட்டது. ஒரு வருஷமும் குறையவில்லை. நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும், இரண்டு வருஷ போனஸ் வீணாகியிருக்காது. அந்த வருத்தம் இன்னும் மனதில் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் நாட்டு லோன்களில் மூன்று வகை உண்டு. சாதாரண டேர்ம் லோன் என்றால் கூடுதலாகப் போடும் பணம் பெரும்பாலும் இப்படி அட்வான்ஸாகத்தான் உட்காரும், இது அசல் குறைப்புக்கு என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அசலில் கழியும். செமி ஃப்ளெக்ஸியில் கூடுதல் பணம் வட்டியைக் குறைக்கும், வேண்டுமானால் விண்ணப்பித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். ஃபுல் ஃப்ளெக்ஸியில் லோனோடு ஒரு நடப்புக் கணக்கு சேர்ந்திருக்கும், அதில் கிடக்கும் பணத்தின் அளவுக்கு லோனில் வட்டி ஏறாது, ஆனால் அதற்கு மாதாமாதம் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். ஆனாலும் ஒரே வகைக்குள்கூட பேங்குக்கு பேங்க் நடைமுறை மாறும். ஆகவே கவுன்டரில் சொல்வதை மட்டும் நம்பாமல் உங்கள் லோன் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். லாக்-இன் காலமும் அதில்தான் இருக்கும். பொதுவாக மூன்று முதல் ஐந்து வருஷம், அதற்குள் லோனை முழுசாக முடித்தால் அபராதம் உண்டு. பாதிப் பணம் கட்டுவதற்கும் அந்த அபராதம் பொருந்துமா, முன்னறிவிப்பு கொடுக்க வேண்டுமா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசலில் கழித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் ஒரு பொறி உண்டு. சில பேங்க் அசல் குறைந்ததும் தவணையைத் திரும்பக் கணக்குப் போட்டு, காலத்தை அப்படியே 30 வருஷமாக வைத்துவிடும். உங்கள் முதல் 6,000க்கு அப்படிச் செய்தால் தவணை 1,956இலிருந்து 1,926க்கு இறங்கும். மாதம் 30 வெள்ளி குறைகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லோன் ஒரு மாதம்கூடக் குறையாது, 29 வருஷத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் வட்டி 4,400 வெள்ளிதான். அதே 6,000ஐப் போட்டுவிட்டுத் தவணையை 1,956இலேயே வைத்திருந்தால் மிச்சம் 13,900. இதில் பேங்க் உங்களை ஏமாற்றவில்லை, அந்த 30 வெள்ளி மாதாமாதம் உங்கள் கைக்குத்தான் திரும்பி வருகிறது. ஆனால் கைக்கு வந்த 30 வெள்ளியை யார் சேர்த்து வைக்கப்போகிறோம்? ஆகவே விண்ணப்பக் கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள்: இந்தத் தொகை அசலைக் குறைப்பதற்கு, மாதத் தவணை மாறக்கூடாது, காலம் குறைய வேண்டும். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கொடுத்தாயிற்று, வேலை நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயலியில் தெரியும் பாக்கித் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சில பேங்கில் அட்வான்ஸையும் கழித்தே பாக்கியைக் காட்டுவார்கள். ஸ்டேட்மென்டில் வட்டி வரியைப் பாருங்கள். இங்கே வட்டியை நாள் கணக்கில் போடுகிறார்கள், ஆகவே ஒரு மாத வட்டி இதுதான்:

```
பாக்கி × 4.2% × நாட்கள் ÷ 365
```

உங்கள் முதல் வருஷக் கடைசிப் பாக்கி 393,197க்கு 30 நாள் வட்டி 1,357 வெள்ளி. 6,000 அசலில் கழிந்திருந்தால் பாக்கி 387,197, வட்டி 1,337. ஸ்டேட்மென்டில் 1,337ஐ ஒட்டி வந்தால் வேலை நடந்திருக்கிறது. 1,357ஐ ஒட்டியே நின்றால் பணம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது, மறுநாளே போய்க் கேளுங்கள். 31 நாள் மாதத்தில் வட்டி 45 வெள்ளி போலக் கூடும், அதனால் முந்தைய மாதத்தோடு அப்படியே ஒப்பிடாமல் நாட்களை எண்ணிப் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் வீணாகப் பதறுவீர்கள். அடுத்த தவணை வழக்கமான தேதியில் பிடிக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கிறது.

அடுத்து, போனஸ் இல்லாத வருஷத்தில் இபிஎப் பணத்தை எடுத்து லோனில் போடலாமா என்று பலர் கேட்பார்கள், நீங்களும் யோசிப்பீர்கள். முன்பு இரண்டாம் கணக்கு என்றோம், 2024 மே மாதத்திலிருந்து அதன் பெயர் அக்கவுன் செஜாத்ரா. அதிலிருந்து வீட்டு லோனைக் குறைக்க வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க முடியும். முடியும் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. இபிஎப் 2023க்கு 5.50%, 2024க்கு 6.30% லாப ஈவு கொடுத்தது. 4.2% வட்டியை மிச்சம் பிடிக்க 5.50% சம்பாதிக்கும் பணத்தைத் தூக்குவது கணக்கில் நட்டம்தான். லோன் வட்டி ஈவைவிட மேலே போனால், இல்லை வேலை போய்த் தவணையே கட்ட முடியாத நிலை வந்தால், அது வேறு. சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தூங்குகிற போனஸ் பணத்தைத்தான் லோனில் போடச் சொல்கிறேன். அதையும் மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். டேர்ம் லோனில் அசலில் போன பணம் திரும்பி வராது, ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள்.

கடைசியாக, 4.2% முப்பது வருஷமும் 4.2% ஆக இருக்காது. பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆரை மாற்றினால் உங்கள் வட்டியும் மாறும். ஓபிஆர் 2020 ஜூலையில் 1.75% வரை இறங்கியது, 2023 மே மாதத்தில் 3.00%க்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75% ஆனது. வட்டி இறங்கும்போது பேங்க் தவணையைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். உங்கள் லோனில் 0.25% இறங்கினால் புதுத் தவணை 1,898, அதாவது 58 வெள்ளி குறைவு. அந்தச் சமயத்தில் பழைய 1,956ஐயே தொடர்ந்து கட்டுகிறேன், கூடுதல் அசலில் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தால், போனஸே போடாவிட்டாலும் லோன் 20 மாதம் போலக் குறையும். போனஸ் 6,000ஐயும் சேர்த்துப் போட்டால் 20 வருஷம் 4 மாதம் என்பது 19 வருஷம் 9 மாதமாகும். வட்டி ஏறினால் இதே கணக்கு எதிர்ப்பக்கம் போகும். ஆகவே ஓபிஆர் மாறும்போதெல்லாம் மேலே கொடுத்த ஃபார்முலாவில் அன்றைய பாக்கி, அன்றைய வட்டி, நீங்கள் உண்மையில் கட்டும் தவணை இந்த மூன்றையும் மாற்றிப் போடுங்கள், அன்றிலிருந்து இன்னும் எத்தனை வருஷம் என்று வந்துவிடும். உங்கள் லோன் எந்த வகை, லாக்-இன் எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் பார்த்து எழுதினால் கடித வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.